ஷிப்ட் மாற்றம் பற்றிச் சங்கப் பிரதிநிதிக்குப் புகார்க் கடிதம்: எதை எழுதுவது, எதை விடுவது

"வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷமாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். திங்கட்கிழமை சார்ட் ஒட்டுவார்கள். ஆனால் வாரத்தின் நடுவில் 'நாளைக்கு ஏ ஷிப்ட் வா' என்று ராத்திரி வாட்ஸ்அப் வரும். சில நாள் வேலை முடிகிற நேரத்தில்தான் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி ஆகிவிட்டது. சங்கப் பிரதிநிதியிடம் வாயால் சொன்னால், 'எழுத்துப்பூர்வமாகக் கொடு தம்பி' என்கிறார். என்ன எழுத வேண்டும்? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது?"

இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். கடிதம் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு தொழிலாளியை ஒரு ஷிப்டிலிருந்து இன்னொரு ஷிப்டுக்கு மாற்ற இத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளின் வேலை விதிகளான நிலையாணைகளில் "தொழிலாளி ஒரு ஷிப்டிலிருந்து மற்றொரு ஷிப்டுக்கு மாற்றப்படலாம்" என்றுதான் இருக்கும். அதனால் "என் ஷிப்டை மாற்றினார்கள்" என்பதையே புகாராக எழுதினால், எச்.ஆர். அந்த ஒரு வரியைக் காட்டிக் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார். பதினெட்டு வருஷம் சங்கப் பொறுப்பில் இருந்தபோது அப்படித் திரும்பி வந்த கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் பட்ட கஷ்டம் எல்லாம் உண்மை. பிடித்த நுனிதான் தவறு.

21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த விதி உண்மையில் இருக்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 40-ம் பிரிவாக இருக்கிறது. வேலை நேரத்தை மாற்றுவது, நிலையாணைக்கு மாறாக ஷிப்ட் முறையைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது போன்றவற்றுக்கு அது பொருந்தும். மூன்று ஷிப்ட் ஓடிய இடத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டு என்று ஆக்கினால் 21 நாள் நோட்டீஸ் கேட்கலாம். பி-யில் இருந்த உங்களை நாளைக்கு ஏ-க்கு வரச் சொன்னதற்கு அதைக் கேட்க முடியாது. இதைக் கடிதத்தில் எழுதினால், நிர்வாகம் அந்தத் தவறான வரிக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவிடும்.

அப்படியானால் உறுதியாக நிற்கக்கூடியது எது? முதலாவது, அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் வேலை என்று காட்டும் அறிவிப்பை நிர்வாகம் ஒட்டி வைக்க வேண்டும். அதை மாற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய முன் அனுமதி இல்லாவிட்டால், கடைசியாக மாற்றியதிலிருந்து ஒரு வாரம் ஆகும்வரை மறுபடி மாற்றக் கூடாது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 61-ம் பிரிவு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பில் 31-ம் பிரிவு. ஆனால் இது ஷிப்டின் நேரத்தைப் பற்றியது. யார் எந்த ஷிப்டில் என்ற உங்கள் திங்கட்கிழமை சார்ட் வேறு தாள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சார்ட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உங்கள் கம்பெனியின் நிலையாணையும், சங்கம் கடைசியாகப் போட்ட சம்பள ஒப்பந்தமும்தான் சொல்லும். பல ஒப்பந்தங்களில் "ஷிப்ட் மாற்றம் முந்தைய வார இறுதிக்குள் அறிவிக்கப்படும்" என்பது போன்ற ஒரு வரி பின்பக்கத்தில் யாரும் படிக்காமல் கிடக்கும். உங்கள் பிரதிநிதியிடம் முதலில் அந்த இரண்டையும் கேளுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் புகாரின் முதுகெலும்பு அதுதான்.

இரண்டாவது, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டின் கணக்கு. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திடீர் ஷிப்ட் மாற்றத்தில் பணம் காணாமல் போவது இந்த இடத்தில்தான். ஒரு புதன்கிழமை காலை 6 முதல் மதியம் 2 வரை ஏ ஷிப்ட் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.20-க்கு சூப்பர்வைசர் வந்து "இன்னிக்கு ராத்திரி சி-க்கு வந்துடு" என்கிறார். வீட்டுக்குப் போய்விட்டு இரவு 10-க்கு வந்து வியாழன் காலை 6 வரை வேலை செய்கிறீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை நேரம் முந்தின நாள் கணக்கில் சேரும் என்பது சட்டம். பழைய சட்டத்தின் 57-ம் பிரிவிலும் அப்படித்தான், புதிய தொகுப்பின் 28-ம் பிரிவிலும் அப்படித்தான். அதாவது அந்தப் பதினாறு மணி நேரமும் புதன்கிழமைக் கணக்கு. ஷிப்டுக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தாலும் ஒரே நாளில் பதினைந்து மணி நேர வேலை. இதில் ஓ.டி. இருக்கிறது, அதற்கு இரட்டைச் சம்பளம் இருக்கிறது. புதிய தொகுப்பின்படி ஓ.டி. பார்க்கத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.

ஆனால் வருகைப் பதிவில் என்ன ஆகும்? ஏ ஷிப்ட் புதனுக்கும் சி ஷிப்ட் வியாழனுக்கும் ஏறும். வியாழன் காலை ஏ ஷிப்டுக்கு நீங்கள் வராததால், "புதன் எட்டு, வியாழன் எட்டு, ஓ.டி. இல்லை" என்று கணக்கு அழகாக உட்கார்ந்துவிடும். சூப்பர்வைசர் இதை வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆள் வராத மெஷினுக்கு ஆள் பிடிப்பதுதான் அவர் கவலை. ஆனால் கம்ப்யூட்டரில் தேதி இப்படி விழுவதால் வருஷக்கணக்கில் சம்பளம் விட்டுப்போன ஆட்களை எனக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பி ஷிப்ட் முடிந்து இரவு 10-க்கு வெளியே வந்து மறுநாள் காலை 6-க்கு ஏ ஷிப்டுக்குப் போவது உடம்பைக் கொல்கிற வேலை. போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் தூக்கம் நாலரை மணி நேரம்கூடத் தேறாது. ஆனால் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் இத்தனை மணி நேரம் ஓய்வு என்று நம் சட்டம் எண் சொல்லவில்லை. அதனால் அதைச் "சட்ட விரோதம்" என்று எழுதாதீர்கள். நடந்ததை மணி கணக்கோடு எழுதி, இனிமேல் இத்தனை மணி இடைவெளி வேண்டும் என்று கோரிக்கையாக வையுங்கள். அது சங்கம் பேசி வாங்க வேண்டிய விஷயம்.

இனிக் கடிதம். பத்துப் பன்னிரண்டு தடவை என்கிறீர்கள். அத்தனையையும் எழுத வேண்டாம். கையில் ஆதாரம் இருக்கிற மூன்றை மட்டும் எடுங்கள், முடிந்தால் ஒவ்வொன்றும் வேறு வகையாக இருக்கட்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன். தேதிகளும் தொகையும் மாதிரிக்குத்தான்.

"தோழருக்கு வணக்கம். நான் மெஷின் ஷாப்பில் நிரந்தரத் தொழிலாளி. டோக்கன் எண் இன்னது. திங்கட்கிழமை ஒட்டும் ஷிப்ட் சார்ட்டை வாரத்தின் நடுவில் திடீரென்று மாற்றுவது பற்றி எழுதுகிறேன். மார்ச் மாதம் நடந்த மூன்று சம்பவங்கள் கீழே.

04.03.2026, புதன். சார்ட்படி எனக்கு அந்த வாரம் ஏ ஷிப்ட். காலை 6 முதல் 2 வரை வேலை செய்தேன். அன்று மதியம் 1.20-க்கு, இரவு சி ஷிப்டுக்கு வரும்படி ஷிப்ட் சூப்பர்வைசர் வாயால் சொன்னார். வந்து, மறுநாள் காலை 6 வரை வேலை செய்தேன். மார்ச் மாதச் சம்பளச் சீட்டில் ஓ.டி. நேரம் பூஜ்யம் என்று இருக்கிறது.

11.03.2026, புதன். சார்ட்படி அந்த வாரம் பி ஷிப்ட். வேலையில் இருந்தபோது இரவு 9.40-க்கு, மறுநாள் காலை 6-க்கு ஏ ஷிப்டுக்கு வரும்படி வாட்ஸ்அப் வந்தது. பி ஷிப்ட் முடிந்ததற்கும் ஏ ஷிப்ட் தொடங்கியதற்கும் நடுவில் 8 மணி நேரம். காலை கம்பெனி பஸ் பட்டியலில் என் பெயர் இல்லாததால் ஆட்டோவில் வந்தேன், 180 ரூபாய் ஆனது.

24.03.2026, செவ்வாய். சார்ட்படி பி ஷிப்ட். மதியம் 1.45-க்கு கேட்டுக்கு வந்த பிறகு, இன்று சி ஷிப்டுக்கு மாற்றியிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரவு 10-க்கு மறுபடி வந்தேன்.

மூன்று முறையும் மாற்றத்துக்குக் காரணம் சொல்லவில்லை, கையெழுத்துடன் முறையான உத்தரவு தரவில்லை, என் சம்மதம் கேட்கவில்லை. மூன்று முறையும் வேலைக்கு வந்தேன்.

நான் கேட்பது: மார்ச் 4-ம் தேதி வேலை நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டு உரிய ஓ.டி. சம்பளம் தர வேண்டும். சார்ட்டை மாற்றுவதானால் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் எழுத்தில், பெயர், நேரம், காரணத்துடன் தர வேண்டும். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வாட்ஸ்அப் படங்களும், மார்ச் மாதச் சம்பளச் சீட்டின் நகலும், சார்ட் குறிப்புகளும் இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இதில் சட்டப் பிரிவு எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள். அது தெரிந்தே விட்டது. எந்தப் பிரிவின் கீழ் எடுப்பது, முதலில் பிளான்ட் ஹெட்டிடம் பேசுவதா, நேராகக் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போவதா என்பதைப் பிரதிநிதி தீர்மானிக்கட்டும். உங்கள் கடிதத்தில் ஒரு பிரிவைத் தவறாக எழுதிவிட்டால் அவர் கையையும் கட்டிவிடுவீர்கள். ஓ.டி. எத்தனை மணி, எவ்வளவு ரூபாய் என்றும் நீங்கள் கணக்குப் போட வேண்டாம். "இத்தனை மணிக்கு வந்தேன், இத்தனை மணிக்குப் போனேன், சீட்டில் பூஜ்யம்" என்பது யாராலும் மறுக்க முடியாத வாக்கியம். நீங்கள் போட்ட தொகை பத்து ரூபாய் தப்பினால், பேச்சு முழுக்க அந்தப் பத்து ரூபாயைப் பற்றியே நடக்கும்.

சூப்பர்வைசரின் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள். "வேண்டுமென்றே பழிவாங்குகிறார்" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். உண்மையிலேயே குறிவைத்துச் செய்கிறார் என்று தோன்றினால் அதையும் எண்ணிக்கையாகவே காட்டலாம். "மார்ச் மாதம் எங்கள் லைனில் பதினான்கு பேர், சார்ட் மாறியது மூன்று பேருக்கு மட்டும், மூவரும் இன்னின்னார்" என்று எழுதினால் போதும், படிக்கிறவர் தானே புரிந்துகொள்வார். அந்த மற்ற இரண்டு பேரும் இதேபோலத் தங்கள் தேதிகளை எழுதித் தந்தால் இன்னும் பலம். ஒரே கடிதத்தில் இருபது கையெழுத்து வாங்குவதைவிட மூன்று பேர் மூன்று தனிக் கடிதம் தருவது மேல். இருபது கையெழுத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தால் இரண்டு பேர் "எனக்குத் தேதி ஞாபகம் இல்லை" என்பார்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நிறையக் கம்பெனிகளில் ஷாப்புக்குள் செல்போன் எடுத்துப்போகக் கூடாது. அங்கே திருட்டுத்தனமாகச் சார்ட்டைப் படம் எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள், அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். திங்கட்கிழமை சார்ட்டைப் பார்த்ததும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்து மெஷின் ஆளிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியை வந்த உடனே, தேதியும் நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அனுப்பியவர் பிறகு அழித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வாயால் சொன்ன மாற்றமாக இருந்தால், "சார், சார்ட்படி எனக்கு ஏ ஷிப்ட். மதியம் 1.20-க்கு நீங்கள் சொன்னபடி இன்று இரவு சி-க்கு வருகிறேன். இது என் சம்மதத்துடன் நடந்த மாற்றம் இல்லை" என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, நேரம் பதிவாகிவிடும்.

வேலைக்குப் போய்விட்டுத்தான் புகார் எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பிளான்ட்டில் ஒருவர், ரொம்ப நேர்மையான ஆள், "சார்ட்டில் இல்லாத ஷிப்டுக்கு நான் ஏன் வரணும்" என்று வீட்டில் இருந்துவிட்டார். மறுநாள் "அனுமதியின்றிப் பணிக்கு வராதது, மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது" என்று மெமோ வந்தது. அதுவரை ஷிப்ட் மாற்றத்தைப் பற்றி நாங்கள் கேட்ட எதுவும் அதன் பிறகு மேசைக்கு வரவே இல்லை. ஐந்து மாதம் அவருடைய விசாரணையிலேயே போனது. சம்மதம் இல்லாமல் ஓ.டி. பார்க்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தாலும், அதை எடுக்கும் நாளைச் சங்கத்தோடு பேசித் தீர்மானியுங்கள், தனியாகச் செய்யாதீர்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பிரதிநிதியிடம் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று பொருளில்லை, தேதி உங்களுக்குத் தேவைப்படும். இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இப்போதைய சட்டப்படி சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள் அந்தக் குழுவுக்கு மனு போட வேண்டும், குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மார்ச் 4-ம் தேதி சம்பவத்துக்கு அடுத்த மார்ச் வந்தால் கதவு மூடிவிடும். சங்கமும் நிர்வாகமும் "பேசிக்கிட்டு இருக்கோம்" என்று மாதங்களை ஓட்டுவது சகஜம், அதனால் இந்தத் தேதியை நீங்களே காலண்டரில் குறித்து வையுங்கள்.

குழுவின் முடிவு சரியில்லை என்றாலோ, 30 நாளில் முடிவே சொல்லாவிட்டாலோ, 60 நாளுக்குள் அரசின் சமரச அலுவலரிடம் போகலாம். ஆனால் அங்கே நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் வழியாகத்தான் மனு போக முடியும். ஆகவே கடிதம் எழுத உட்காருவதற்கு முன் உங்கள் சந்தா இந்த மாதம் வரை கட்டியிருக்கிறதா என்று பார்த்து, ரசீதையும் அந்த நோட்டுக்குள்ளேயே வையுங்கள்.